தூங்குகிறார் என்று விட்டுவிடலாமா?

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசி வட்டாரத்து ஆஸ்பத்திரிகளுக்கும் சீசன்தான். பாசி படிந்த பாறையில் வழுக்கி விழுந்தவர்கள், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஈர உடையோடு வருவார்கள். நர்ஸ் வேலைக்கான இன்டர்வியூவில் இப்படி ஒரு நோயாளியை வைத்துக் கேள்வி கேட்பது வழக்கம். கேள்வி சென்னையில் கேட்கப்பட்டாலும் சரி, ரியாத்திலிருந்து வீடியோவில் கேட்கப்பட்டாலும் சரி, அதன் உருவம் ஏறக்குறைய இதுதான்:

"22 வயது இளைஞர். அருவியில் வழுக்கி விழுந்து தலையில் அடி. மாலை 6 மணிக்கு வரும்போது நன்றாகப் பேசினார். தையல் போட்டு வார்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். இரவு 8 மணிக்கு நீங்கள் டூட்டி ஏற்கிறீர்கள். 8.30-க்குப் போய்ப் பார்த்தால் தூங்குகிறார். 'அசதி சிஸ்டர், எழுப்பாதீங்க' என்கிறார் அம்மா. என்ன செய்வீர்கள்?"

பதில் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அந்த நாற்காலியில் போய் உட்காரும் முன்பு தாண்டவேண்டிய இரண்டு படிகள் இருக்கின்றன. பலருக்கு வேலை தவறுவது இன்டர்வியூவில் அல்ல, அந்தப் படிகளில்தான்.

பாவூர்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெண் கற்பனை, அவளுக்கு வரும் சிக்கல்கள் கற்பனை அல்ல. பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டாள். ரிசல்ட் வந்த மறுவாரமே தெரிந்த டாக்டரின் நர்சிங் ஹோமில் சேர்ந்துவிட்டாள். ஆகஸ்ட் 1-ம் தேதி வேலைக்குப் போக ஆரம்பித்தாகிவிட்டது. தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்யும் வேலையை, "சர்டிபிகேட் எல்லாம் வரட்டும், மெதுவா பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டாள். கவுன்சிலின் பதிவுச் சான்று கையில் வந்தபோது அதில் இருந்த தேதி டிசம்பர் 10.

இரண்டு வருடம் கழித்து வளைகுடா நாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். அறிவிப்பில் "2 ஆண்டு அனுபவம்" என்று இருக்கிறது. ஜூலை கடைசியோடு இரண்டு வருடம் முடிந்துவிட்டது என்பது அவள் கணக்கு. எதிர்ப்பக்கத்துக் கணக்கு வேறு. பதிவு பெற்ற தேதியிலிருந்துதான் ஒருவர் நர்ஸ். அதற்கு முன்பு பார்த்த நான்கு மாதத்துக்கும் மேலான வேலை அனுபவமாகச் சேராது, "லைசென்ஸ் இல்லாமல் எப்படி நோயாளியைத் தொட்டீர்கள்?" என்ற சங்கடமான கேள்வியாகவும் அது திரும்பி வரலாம். இசக்கியம்மாளின் இரண்டு வருடம் உண்மையில் முடிவது டிசம்பர் 9-ம் தேதி.

தமிழ்நாட்டில் நர்ஸ் பதிவு 1926-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. பட்டம் வாங்கியவர் நர்ஸாகவும் மகப்பேறு தாதியாகவும் இரண்டு பதிவு எண்கள் பெறுவார். பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். என்று போட்டுக்கொள்வது அதனால்தான். இதோடு தேசிய அளவிலான நர்ஸ் பதிவேட்டில் ஆதாரோடு இணைத்த தனி எண் ஒன்றும் உண்டு. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொல்லம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் வேறு கவுன்சில். தமிழ்நாட்டுப் பதிவு மட்டும் வைத்துக்கொண்டு கேரளாவில் வேலை பார்க்க முடியாது. அங்கே உள்ள கவுன்சிலிலும் பதியவேண்டும். ரயிலில் சில மணி நேரத் தூரம்தான், காகிதத்தில் அது வேறு ஊர்.

அடுத்தது பெயர். நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை இது. இசக்கியம்மாளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ISAKKIAMMAL M என்று இருக்கிறது. ஆதாரில் Esakkiammal. பட்டச் சான்றில் M. ISAKKI AMMAL, நடுவில் இடைவெளி விட்டு. பாஸ்போர்ட்டில் பெயர் ISAKKIAMMAL, குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அப்பா பெயர் MURUGAN. நம் கண்ணுக்கு நான்கும் ஒரே பெண். சான்றிதழ் சரிபார்க்கும் நிறுவனத்தின் கணினிக்கு நான்கு பேர்.

வளைகுடா நாடுகளின் சுகாதாரத் துறைகள் பெரும்பாலும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் வழியாகத்தான் இதைச் சரிபார்க்கின்றன. நீங்கள் கொடுத்த நகலை அவர்கள் நம்புவதில்லை. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கும், பதிவு கொடுத்த கவுன்சிலுக்கும், அனுபவச் சான்று கொடுத்த ஆஸ்பத்திரிக்கும் அவர்களே நேராக எழுதி, "இப்படி ஒருவர் உங்களிடம் இருந்தாரா, இந்தத் தேதிகள் சரியா?" என்று கேட்கிறார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பதில் "எங்கள் பதிவேட்டில் இல்லை" என்று வரக்கூடும். பிறகு அபிடவிட், விளக்கக் கடிதம், மறுபடியும் கட்டணம் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது மலையைப் புரட்டுகிற வேலை. பாஸ்போர்ட் எடுக்கும்போதே கவனமாக இருப்பது எவ்வளவோ எளிது. திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குக் கிளம்பும் முன்பு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பட்டச் சான்று, கவுன்சில் பதிவு, ஆதார் நான்கையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மார்க் ஷீட்டில் இருப்பதே மூலம். ஆதாரை அதற்கேற்ப முதலில் திருத்திக்கொண்டு, பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இனிஷியல் எந்தப் பெயரின் சுருக்கம் என்பதற்கும் ஒரு சான்று கையில் இருக்கட்டும்.

அனுபவச் சான்றில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. சின்ன நர்சிங் ஹோமில் டாக்டரே முதலாளி, அவரே மேனேஜர். சரிபார்ப்பு இ-மெயில் வந்தால் திறந்து பார்க்கவே ஆளிருக்காது. பதில் வராவிட்டால் அறிக்கையில் "சரிபார்க்க முடியவில்லை" என்று எழுதிவிடுவார்கள். அது கிட்டத்தட்ட அனுபவமே இல்லை என்பதற்குச் சமம். வேலையை விடும் நாளிலேயே, லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விட்ட தேதி, ஸ்டாஃப் நர்ஸ் என்ற பதவி, எந்த வார்டு, எத்தனை படுக்கை ஆகிய விவரங்களோடு சான்று வாங்கிக்கொள்ளவேண்டும். எந்த இ-மெயிலுக்கு விசாரணை போகும், அதை யார் பார்ப்பார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். டாக்டரிடம் நேரிலேயே, "சார், வெளிநாட்டுல இருந்து ஒரு மெயில் வரும், பதில் போட்டுடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பதில் கூச்சம் வேண்டாம்.

எங்கே விண்ணப்பிப்பது? உள்ளூரில் அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகள்தான். 2015-ல் வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை ஒப்பந்த அடிப்படையில் எடுத்தபோது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரமாகிவிடும் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடவேண்டி வந்தது. தொகை பின்னர் 18,000 வரை உயர்ந்தது. அறிவிப்பைப் படிக்கும்போது "தொகுப்பூதியம்" என்ற சொல் இருக்கிறதா, "காலமுறை ஊதியம்" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் சில வருடங்கள்.

வெளிநாடு என்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. ஓ.எம்.சி.எல். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தனியார் ஏஜென்டிடம் போகிறவர்கள் முதலில் கேட்கவேண்டியது லைசென்ஸ் எண். அதை emigrate.gov.in தளத்தில் போட்டுப் பார்க்கலாம். வேலை தேடித் தருவதற்கு ஒரு ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். அதற்கு மேல் எத்தனை லட்சம் கேட்டாலும் அது "சர்வீஸ் சார்ஜ்" அல்ல. 2015-ல் கொச்சியில் பிடிபட்ட குவைத் வேலை மோசடியில், 19,500 ரூபாய் வாங்க அனுமதி இருந்த இடத்தில் ஆளுக்கு 19.5 லட்சம் வசூலித்ததாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. ஒரு புள்ளியும் ஒரு சொல்லும்தான் வித்தியாசம். நகை அடகுக்குப் போனது நர்ஸ்களின் வீடுகளில். அந்த வருடத்தில்தான் மத்திய அரசு, குடியேற்ற அனுமதி கட்டாயமான 18 நாடுகளுக்கு நர்ஸ் எடுப்பதை அரசு நிறுவனங்களின் வழியாக மட்டுமே என்று கட்டுப்படுத்தியது.

பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் கதை வேறு. பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 7 மதிப்பெண், எழுத்துப் பகுதியில் மட்டும் 6.5 இருந்தாலும் போதும். பிறகு கணினித் தேர்வு, அங்கே போன பின் செய்முறைத் தேர்வு. ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழியில் பி-2 நிலை. மொழிக்கே ஒரு வருடம் ஒதுக்கவேண்டியவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது படி ஷிப்ட். இன்டர்வியூவில் "நைட் டூட்டி பார்ப்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "பார்ப்பேன் சார்" என்றுதான் சொல்கிறார்கள். கேட்டவரிடம் திருப்பிக் கேட்கிறவர்கள் குறைவு. அரசு ஆஸ்பத்திரிகளில் பழக்கமான முறை 6-6-12: காலை ஆறு மணி நேரம், மாலை ஆறு மணி நேரம், இரவு பன்னிரண்டு. வளைகுடாவில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது சட்டத்தின் அளவு. நான்கு பன்னிரண்டு மணி ஷிப்டாக அதை முடித்துவிட்டு மூன்று நாள் ஓய்வு என்று பல இடங்களில் வைத்திருப்பார்கள். பிரிட்டனில் வாரம் 37.5 மணி நேரம். நம் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் பன்னிரண்டு மணி ஷிப்டே மாதம் 26 நாள் ஓடும்.

சம்பளத்தை மாதக் கணக்கில் பார்க்காமல் மணிக் கணக்கில் பார்த்தால் உண்மை தெரியும். ஒரு பேச்சுக்கு இரண்டு இடத்திலும் 15,000 ரூபாய் என்று வையுங்கள். எட்டு மணி ஷிப்ட் 26 நாள் என்றால் 208 மணி நேரம். மணிக்கு 72 ரூபாய். பன்னிரண்டு மணி ஷிப்ட் 26 நாள் என்றால் 312 மணி நேரம். மணிக்கு 48 ரூபாய். ஒரே சம்பளம் இல்லை இது. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2016-ல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றுவிட்ட ஊர்கள் நிறைய. ஆனாலும் பேரம் பேசும்போது அந்த எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இசக்கியம்மாள் கேட்கவேண்டியவை மூன்று. இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி? நைட் முடிந்த மறுநாள் ஓய்வா, மறுபடியும் டூட்டியா? இரவு 8 மணிக்கு மாலை ஷிப்ட் முடிந்தால் ஊருக்குப் போக வண்டி உண்டா? மூன்றாவது கேள்வியைச் சில்லறை விஷயம் என்று நினைக்கவேண்டாம். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்தான் டூட்டி ஒப்படைப்பு இரண்டு நிமிடத்தில் முடிகிறது. வேலையில் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டால், அடுத்த வேலைக்கான கதவின் சாவியும் அவர்கள் அலமாரிக்குள் போய்விடுகிறது.

சரி, இப்போது நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது. அருவியில் விழுந்த அந்த இளைஞர் தூங்குகிறார்.

"தூங்கட்டும் என்று விட்டுவிட்டு அரை மணி கழித்துப் பார்ப்பேன்" என்றால் இன்டர்வியூ அங்கேயே முடிந்தது. "உடனே டாக்டரைக் கூப்பிடுவேன்" என்பதும் அரைப் பதில்தான். டாக்டர் போனில் முதலில் கேட்கப்போவது, "என்ன பார்த்தீங்க?" என்பதைத்தான். அதற்குச் சொல்ல எதுவும் கையில் இல்லையே!

எழுப்பவேண்டும். அம்மாவிடம், "அம்மா, தலையில அடிபட்டவங்கள எழுப்பிப் பாத்தாத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும். ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எழுப்பவேண்டும். எழுப்பிப் பார்ப்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஜி.சி.எஸ். என்பார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. மாலை 6 மணிக்கு இந்த இளைஞருக்கு 15. இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கண் திறக்கிறார், கண்ணுக்கு 3. "இது எந்த இடம்?" என்றால் "காலேஜ் ஹாஸ்டல்" என்கிறார். பேச்சு இருக்கிறது, ஆனால் குழம்பியிருக்கிறது, பேச்சுக்கு 4. "கையைப் பிடிங்க" என்றால் பிடிக்கிறார். அசைவுக்கு முழுதாக 6. கூட்டினால் 13. இரண்டரை மணி நேரத்தில் இரண்டு எண் இறங்கியிருக்கிறது. அதைத் தூக்கம் என்று யாரும் சொல்லமுடியாது.

அடுத்து டார்ச் அடித்துக் கண்ணின் பாப்பாவைப் பார்க்கவேண்டும். வலது பாப்பா இடதைவிடப் பெரிதாக, வெளிச்சத்துக்கு மெதுவாகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு பி.பி., நாடித் துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் அளவு. விரலில் குத்திச் சர்க்கரையும் பார்க்கவேண்டும், சர்க்கரை இறங்கினாலும் குழப்பம் வரும் என்பதால். இவ்வளவுக்கும் பழகிய கைக்குச் சில நிமிடங்கள் போதும்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். மண்டை ஓடு மூடிய பெட்டி. உள்ளே ஒரு ரத்தக் குழாய் கிழிந்து ரத்தம் தேங்கினால் மூளைக்கு விலகி இடம் கொடுக்க வழியில்லை. ஆரம்பத்தில் தேக்கம் கொஞ்சம் என்பதால் நோயாளி தெளிவாகப் பேசுவார், செல்போன் கேட்பார், "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்" என்பார். வீட்டார் நிம்மதியாகிற நேரம் அது. பிறகுதான் மயக்கம் தட்டும். பி.பி. ஏறி, நாடித் துடிப்பு குறைந்து, மூச்சு தாறுமாறாகும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அவை கடைசியில் வரும் அறிகுறிகள். முதலில் மாறுவது சுயநினைவு. அதனால்தான் தலைக்காயத்தில் முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை எழுப்பிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இப்போது டாக்டரைக் கூப்பிடலாம். போனில் பேசுவதற்கு உலகம் முழுக்க ஒரு வரிசை பழக்கத்தில் இருக்கிறது. எஸ்பார் என்பார்கள்: நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்களுக்கு என்ன வேண்டும். நம் பேச்சில் அது இப்படி வரும்:

"சார், சர்ஜிகல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசறேன். மூணாவது பெட், தலைக்காயம், ஜி.சி.எஸ். 15-லருந்து 13 ஆயிருச்சு. சாயந்திரம் அருவியில விழுந்து 6 மணிக்கு அட்மிட் ஆனவர், வரும்போது தெளிவா இருந்தார். வலது பாப்பா பெரிசா இருக்கு, சர்க்கரை நார்மல். உள்ள ரத்தம் தேங்குதுன்னு பயமா இருக்கு சார். நீங்க இப்பவே வந்து பாக்கணும். சி.டி.க்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லிடவா?"

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா சார்?" என்று கெஞ்சலாக முடிக்கவில்லை. என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. மூளை அறுவை வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரி திருநெல்வேலியில் என்றால், தென்காசியிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். ஆம்புலன்ஸுக்கு முன்கூட்டியே சொன்ன பத்து நிமிடம் வழியில் எங்கும் திரும்பக் கிடைக்காது.

டாக்டர் வரும் வரை நர்ஸ் சும்மா நிற்பதில்லை. தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, கழுத்து நேராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். கழுத்திலும் அடி என்ற சந்தேகம் இருந்தால் கழுத்தை அசைக்காமல் கட்டிலையே சாய்க்கவேண்டும். ஆக்சிஜன் கொடுக்கவேண்டும். வாய் வழியாக எதுவும் தரக்கூடாது, அம்மா ஃபிளாஸ்க்கில் காப்பி வைத்திருந்தாலும். வாந்தி வந்தால் உறிஞ்சியெடுக்கும் கருவி பக்கத்தில் தயாராக இருக்கவேண்டும். தூக்கம் வரவழைக்கும் எந்த ஊசியும் டாக்டர் பார்க்காமல் கூடாது. நோயாளியை விட்டு நகரக்கூடாது. போன் பேசக்கூட இன்னொருவரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போகவேண்டும்.

கெட்டிக்கார இன்டர்வியூக்காரர் இங்கே ஒரு முடிச்சுப் போடுவார். "டாக்டர் போனை எடுக்கவில்லை. அப்புறம்?" மறுபடியும் ஒரு முறை. அடுத்து கேஷுவாலிட்டி டூட்டி டாக்டர். அவரும் கிடைக்கவில்லையா, நர்சிங் சூப்பரின்டென்ட். ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதவேண்டும்: 8.38-க்கு அழைத்தது, 8.40-க்கு மறுபடி அழைத்தது, 8.42-க்கு யாரிடம் சொன்னது. "காத்திருப்பேன்" என்ற சொல் வந்துவிடக்கூடாது. "பெரியவங்கள மீறி எப்படி" என்ற தயக்கம் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அதிகம். இன்டர்வியூவில் அது மரியாதையாகத் தெரிவதில்லை, ஆபத்தாகத் தெரிகிறது.

இன்னொரு முடிச்சு கொஞ்சம் பொல்லாதது. "நீங்களே தவறான மருந்தைக் கொடுத்துவிட்டீர்கள். யாரும் பார்க்கவில்லை. என்ன செய்வீர்கள்?" பலர் பதறிப்போய், "நான் அப்படிச் செய்யவே மாட்டேன் சார்" என்கிறார்கள். வார்டில் வேலை பார்த்தவர் எவரும் அந்தப் பதிலை நம்பமாட்டார். எதிர்பார்ப்பது வேறு: முதலில் நோயாளியைப் பார்ப்பேன், பி.பி., நாடி, மூச்சு, ஒவ்வாமை. டாக்டரிடம் உடனே சொல்வேன். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று உள்ளபடி எழுதுவேன். சம்பவ அறிக்கை கொடுப்பேன். பெயர், ஐ.பி. எண் இரண்டையும் கைப்பட்டையில் பார்க்காமல் விட்டது எப்படி என்று சொல்வேன்.

கணக்கும் ஒன்று வரும், பெரும்பாலும் டிரிப். 1,000 மில்லி குளுக்கோஸ் எட்டு மணி நேரத்தில் ஏறவேண்டும். செட்டின் உறையில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று போட்டிருக்கிறது. எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம்.

1000 × 20 ÷ 480 = 41.7

நிமிடத்துக்கு 42 சொட்டு. செட்டின் உறையைப் பார்க்காமல் கணக்குப் போடுகிறவர்கள்தான் தவறுகிறார்கள். 15 சொட்டு செட் என்றால் இதே டிரிப் நிமிடத்துக்கு 31 சொட்டு.

இத்தனைக்கும் பிறகு இன்டர்வியூக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்கள் ஏதாவது கேட்கவேண்டுமா?" என்பார். சம்பளம், லீவு என்று தொடங்குவதற்கு முன்னால் இசக்கியம்மாள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. "இங்கே டூட்டி ஒப்படைப்பு டேபிளில் நடக்குமா, நோயாளியின் படுக்கை பக்கத்தில் நடக்குமா? அதற்கு எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?"

டேபிளில் என்றால், மாலை நர்ஸ் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று "மூணாம் பெட் ஜி.சி.எஸ். 15" என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது 6 மணிக்கு எழுதிய 15. படுக்கை பக்கத்தில் என்றால், இரண்டு பேரும் சேர்ந்து அந்த இளைஞரை எழுப்பிப் பார்த்திருப்பார்கள். 8.30-க்குத் தெரியவந்தது 8 மணிக்கே தெரிந்திருக்கும்.